ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கார் சார்ஜர் நின்றுவிடுகிறது

காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் 65 வாட் லேப்டாப் சார்ஜரை மாட்டினால் ஓரிரு நிமிடத்தில் விளக்கு சிமிட்டி அணைந்துவிடுகிறது. போன மாதத்திலிருந்து இப்படி. 20 வாட் போன் சார்ஜருக்குப் பிரச்சினையே இல்லை.

சாக்கெட் மூடியில் 120 வாட் என்று போட்டிருக்கிறது, ஃபியூஸ் 10 ஆம்பியர். சார்ஜர் இழுப்பது சுமார் 6 ஆம்பியர்தான், அதனால் ஃபியூஸ் தாங்க வேண்டும், தாங்கவும் செய்கிறது. கழற்றிப் பார்த்தேன், கம்பி அறுந்திருக்கவில்லை. அதே அளவில் புதியது போட்டும் மாற்றமில்லை. இதே சார்ஜர் வேறொரு காரில் ஒழுங்காக ஓடுகிறது.

மல்டிமீட்டரில் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட். லேப்டாப் சார்ஜர் ஓடும்போது சாக்கெட்டின் பின்பக்க முனைகளில் 12.3, ஆனால் சார்ஜருக்குள் வருவது 10.4தான். பிளக்கின் நுனி தொட முடியாத அளவு சுடுகிறது. நடு முனை லேசாகக் கறுத்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்தேன், கொஞ்ச நேரம் சரியாகி மறுபடி அதே கதை.

20 ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொன்னார்கள். ஒயர் எரிந்த பிறகுதான் அது அறும், அதனால் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நடு முனையின் ஸ்பிரிங்கை மட்டும் மாற்ற முடியுமா, இல்லை சாக்கெட்டையே மாற்ற வேண்டுமா?