அப்பாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடம் ஊருக்குப் போனால் பி.ஆர். போய்விடுமா?

காவிரிக்கரைப் பெண்:
நாங்கள் 2022 செப்டம்பர் 10 அன்று பி.ஆர். என்ற கனடா நிரந்தர வசிப்புரிமையுடன் டொரண்டோவில் இறங்கினோம். இப்போது மிசிசாகாவில் இருக்கிறோம். கணவருக்கு நல்ல வேலை, பையனுக்கு ஆறு வயது. நான் வீட்டுக்கு ஒரே பெண். கும்பகோணத்தில் அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 71. ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு பேர் வேண்டும். பகலுக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறோம். ராத்திரியில் முட்டி வலியோடு அம்மா ஒருவர்தான்.

இரண்டு வருடமாவது அவர்களோடு இருக்க வேண்டும் என்கிறேன். கணவரோ, "ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வா. அதற்கு மேல் என்றால் பி.ஆர். போய்விடும், இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண்" என்கிறார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. இங்கேயே காலூன்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதுவரை நான் ஒரே ஒருமுறை 76 நாள் ஊருக்குப் போயிருக்கிறேன், 2024 ஜனவரியில். அவர் 20 நாள். இன்று 2025 அக்டோபர் 10. உண்மையில் எனக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது?

மருதமலை:
உங்கள் கணவர் சொல்வது சரிதாங்க. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலே திரும்பி வரும்போது ஏர்போர்ட்டில் பிடித்துக் கேள்வி கேட்பார்கள். நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தானுக்கு அப்படித்தான் ஆனது.

ஒண்டாரியோ பழையவர்:
நியூஜெர்சி கதை கிரீன் கார்டு கதை, மருதமலை. அந்தப் பயத்தைக் கனடாவுக்குக் கொண்டுவர வேண்டாம். இங்கே ஆறு மாதம், ஒரு வருடம் என்று எந்தக் கோடும் இல்லை. எந்த நாளில் நின்று திரும்பிப் பார்த்தாலும், கடைசி ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

தங்கச்சி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இறங்கியதிலிருந்து இன்றுவரை 1,126 நாள். ஊரில் இருந்த 76 போக 1,050. நாளைக்கே நீங்கள் விமானம் ஏறினாலும் 2027 செப்டம்பர் 10 வரை இந்த 1,050இல் ஒரு நாள்கூடக் குறையாது, ஏனென்றால் ஐந்து வருட வட்டத்துக்குள் எல்லாமே அடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் நீங்கள் ஊரில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பின்னால் ஒரு நாள் உதிரும். அப்படி 320 நாள் உதிர்ந்து 730ஐத் தொடுவதற்கு 2028 ஜூலை கடைசி ஆகிவிடும். ஆக, இரண்டு வருடம் போனால் பி.ஆர். போய்விடும் என்பது உங்கள் விஷயத்தில் சரியல்ல.

ஆனால் குடியுரிமைக் கணக்கு வேறு. அதற்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் வேண்டும். உங்களுக்கு 45 நாள் குறைகிறது. கணவருக்கு 1,106 ஆகிவிட்டது. இரண்டு வாரம் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு அவர் உடனே விண்ணப்பிக்கலாம். நீங்கள் டிசம்பர் நடுவரை பொறுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவது ஒரு வழி. இப்போதே போய்விட்டு, 2027 ஜூன் வாக்கில் வந்து இரண்டு மாதம் இருந்து, செப்டம்பருக்குள் போடுவது இன்னொரு வழி. அந்தச் செப்டம்பரைத் தவறவிட்டால் பழைய நாட்கள் உதிர ஆரம்பிக்கும், மறுபடி மாதக்கணக்கில் இங்கே இருக்க வேண்டிவரும். முதல் வழியில் போனால் உறுதிமொழி எடுக்கும் நாளன்று கனடாவில் இருக்க வேண்டும், அதையும் மனதில் வையுங்கள்.

பி.ஆர். அட்டை தேதியையும் பாருங்கள். ஊரில் இருக்கும்போது அட்டை காலாவதியானால் பி.ஆர். போகாது. ஆனால் விமானம் ஏறத் தனியாகப் பயண ஆவணம் வாங்க வேண்டியிருக்கும், அப்போது உங்கள் 730 நாளை எண்ணிப் பார்ப்பார்கள்.

ஸ்கார்பரோ அண்ணா:
ஏன் இவ்வளவு யோசனை? பெற்றோரை சூப்பர் விசாவில் கூப்பிடுங்கோ. ஒருமுறை வந்தால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். என்ர அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கேதான் இருக்கிறா. கோயில், கடை எல்லாம் பக்கத்திலேயே இருக்கு, சந்தோசமாக இருக்கிறா.

காவிரிக்கரைப் பெண்:
அண்ணா, அதைத்தான் முதலில் பார்த்தோம். குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு கேட்கிறார்கள். பக்கவாதம் வந்து இரண்டு மாதமே ஆனவருக்கு, அது சம்பந்தமாக எது வந்தாலும் காசு தர மாட்டோம் என்றுதான் காப்பீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அது போக, திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு பேசுவதுதான் அப்பாவுக்கு உயிர். அவர் வர மாட்டார். பெற்றோரை நிரந்தரமாகவே அழைக்கும் குலுக்கலில் ஸ்பான்சர் செய்யலாம் என்றால், 2020இல் பெயர் கொடுத்தவர்களிலிருந்துதான் அடுத்தடுத்த வருடங்களிலும் எடுத்தார்கள். அப்போது நாங்கள் இங்கே வரவே இல்லை.

பழையவர் ஐயா, கணக்கைக் கணவரிடம் காட்டினேன். இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, "சரி, டிசம்பரில் போ" என்றார். ஆனால் முதல் மூன்று மாதத்தில் பிசியோதெரபி விடாமல் கொடுத்தால்தான் கை கால் நன்றாகத் திரும்பும் என்கிறார் மருத்துவர். அதில் இரண்டு மாதம் போய்விட்டது. இந்த நேரத்தில் 45 நாளை எண்ணிக்கொண்டு நான் எப்படி இங்கே உட்கார்ந்திருப்பது?

ஏஜாக்ஸ் அம்மா:
நான் இதே மாதிரி மாமியாருக்காக மதுரையில் பதினான்கு மாதம் இருந்தேன். எங்கள் வீட்டில் நாள் கணக்கு பிரச்சினையாகவே இல்லை. மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன். முதலில் தினமும் வீடியோவில் பேசுவாள். நான்காவது மாதத்திலிருந்து, போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருப்பாள், நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசுவேன். ஆறு வயதுப் பையன் யாரோடு இருப்பான் என்று நீங்கள் எழுதவே இல்லையே. அதை முடிவு செய்யாமல் டிக்கெட் போடாதீர்கள். "அப்பாவுக்குச் சரியாகும் வரை" என்றும் போகாதீர்கள். திரும்பும் மாதத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் கணவருடைய பயம் பாதி பி.ஆர். பற்றியது, மீதி நீங்கள் திரும்பி வருவீர்களா என்பது. இது என் எண்ணம்.

ஒண்டாரியோ பழையவர்:
பையன் விஷயத்தில் ஒன்று. 18 வயதுக்குக் கீழே இருப்பதால், அப்பாவின் விண்ணப்பத்தோடு சேர்த்தே அவனுக்கும் குடியுரிமைக்குப் போடலாம். அவனுக்கு 1,095 நாள் கணக்கு கிடையாது. பி.ஆர். ஆக இருந்தால் போதும். உங்களோடு கும்பகோணம் வந்தால், தந்தை சம்மதிக்கிறார் என்று கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருக்கட்டும்.

போவதா பொறுப்பதா என்பதை நான் சொல்ல முடியாது. இப்போதே போனாலும் கதவு மூடாது என்பதை மட்டும் சொல்வேன். இன்னொன்று, அப்பாவிடம் நஞ்சை நிலம் இருக்கிறதா? நீங்கள் கனடாக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. என்ற வெளிநாட்டு இந்தியர் அட்டைக்காரர் ஆன பிறகு விவசாய நிலத்தை வாங்கவோ, தான செட்டில்மெண்டாகப் பெறவோ முடியாது. உயில் வழியாகவோ வாரிசாகவோ வந்தால் தடையில்லை. ஊருக்குப் போனதும் அப்பாவோடு உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.

மருதமலை:
கிரீன் கார்டு விஷயம் புரிந்தது, நன்றி. ஆனால் கணவர் குடிமகன் ஆகிவிட்டால் மனைவி எங்கே இருந்தாலும் அந்த நாட்கள் பி.ஆர். கணக்கில் சேரும் என்று கேள்விப்பட்டேனே?

ஒண்டாரியோ பழையவர்:
பாதி சரி. குடிமகனான கணவர் வெளிநாட்டில் மனைவியோடு சேர்ந்து வாழும் நாட்கள்தான் 730இல் சேரும். அவர் மிசிசாகாவிலும் இவர் கும்பகோணத்திலும் இருந்தால் ஒரு நாளும் சேராது. குடியுரிமைக்கான 1,095க்கு அதுவும் உதவாது.

காவிரிக்கரைப் பெண்:
பையனை அழைத்துக்கொண்டு இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறேன். 2027 ஜூனில் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் முகம் இன்னும் தெளியவில்லை. ஆனால் இடையில் வேலையில் விடுப்புக் கேட்டு மூன்று மாதம் வந்து எங்களோடு இருப்பதாக அவராகவே சொன்னார். அந்த நாட்கள் எனக்குச் சேருமா?

ஒண்டாரியோ பழையவர்:
அவர் உறுதிமொழி எடுத்த பிறகு வந்தால் 730 கணக்கில் சேரும் என்று வாதாடலாம். அதற்கு முன்னால் வந்தால் சேராது. ஆனால் உங்களிடம்தான் 2028 ஜூலை வரை நாள் இருக்கிறதே, அதற்காக அவர் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.