முதல் தவணையில் 22,500 வட்டி: வங்கி உருவியதா, கணக்கே அப்படியா?

> "வங்கிக்காரன் முதல் பத்து வருடம் வட்டியை மட்டும் உருவிக்கொள்வான். அப்புறம்தான் அசல் பக்கமே போவான். அதனால் பத்து வருடம் ஓடிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பவன் ஏமாளி." – தாம்பரம் தனா, பக்கத்து இழையில்

கணக்குப்பிள்ளை

இதற்கு அங்கே கைதட்டல் வேறு. பொறுக்கவில்லை, தனி இழையாகவே போடுகிறேன்.

30 லட்சம் கடன், 9 சதவீதம், 20 வருடம். ஷீட்டில் இதைத் தட்டுங்கள்:

```
=PMT(9%/12, 240, -3000000)
```

மாதத் தவணை 26,992 ரூபாய் வரும். முதல் மாதம் உங்களிடம் இருந்தது முழு 30 லட்சம். அதற்கு ஒரு வருட வட்டி 2,70,000, ஒரு மாதத்துக்கு 22,500. தவணையில் அது போக மிஞ்சும் 4,492 அசலில் கழிகிறது. இரண்டாம் மாதம் பாக்கி அந்த அளவுக்குக் குறைந்துவிட்டதால் வட்டி 22,466. குறைந்த 34 ரூபாய் அசல் பக்கம் சேர்ந்து 4,526 ஆகிறது. மாதாமாதம் இதேதான். இந்தக் கணக்கில் தவணையில் அசலின் பங்கு பாதியைத் தாண்டுவது 149ஆவது மாதத்தில்தான். மெதுவான நகர்வு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருவல் எங்கே இருக்கிறது?

தாம்பரம் தனா

வாங்க சார். நகைக் கடன் இழையில் என்னை "வாட்ஸாப் பொருளாதார நிபுணர்" என்று சொன்னவர் நீங்கள்தானே, மறக்கவில்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். நான் கட்டுவது 26,992. அதில் 22,500 வட்டி. கட்டிய பணத்தில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்குப் போகிறது. இதற்குப் பெயர் உருவல் இல்லை என்றால் வேறு என்ன?

கணக்குப்பிள்ளை

9 சதவீதத்துக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கள். 30 லட்சத்துக்கு 9 சதவீதம் மாதம் 22,500தான். வேறு எந்த எண் வந்தால் திருப்தி?

பல்சர் பாண்டி

அண்ணே, தவணை 35,000 வரவேண்டுமே? 30 லட்சத்துக்கு 9 சதவீதம் 20 வருடம் என்றால் வட்டி 54 லட்சம். அசலோடு 84 லட்சம். 240ஆல் வகுத்தால் 35,000. என் பைக் கடனுக்கு ஷோரூமில் இப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள்.

கணக்குப்பிள்ளை

பாண்டி, அது பிளாட் ரேட். கடைசி மாதம் வரைக்கும் முழு 30 லட்சமும் உன்னிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு வட்டி போடுவது. உருவல் என்று யாராவது பேசவேண்டுமென்றால் அதைப் பேசலாம். வீட்டுக் கடனில் மிச்சமிருக்கும் பாக்கிக்கு மட்டும்தான் வட்டி.

பேனாமூடி

நானும் 35,000 என்றுதான் படித்தேனே? மாதம் 12,500 அசல் சமமாகக் கட்டினால் முதல் மாதம் 12,500 + 22,500 = 35,000. பாண்டி சொல்வது சரிதான்.

கணக்குப்பிள்ளை

ஐயா, இரண்டும் 35,000 வருவது முதல் மாதத்தில் மட்டும். பாண்டியின் கணக்கில் கடைசி வரை 35,000 கட்டவேண்டும். நீங்கள் சொல்கிற சம அசல் முறையில் வட்டி குறைந்துகொண்டே வந்து கடைசித் தவணை 12,594. மொத்த வட்டி அதில் சுமார் 27 லட்சம், பாண்டி கணக்கில் 54 லட்சம். இரண்டையும் ஒன்று என்கிறீர்களே!

தாம்பரம் தனா

பார்த்தீர்களா? சம அசல் முறையில் வட்டி 27 லட்சம். உங்கள் இஎம்ஐ முறையில்? நீங்கள் சொல்லமாட்டீர்கள், நான் சொல்கிறேன்: 34.78 லட்சம். கூடுதல் ஏழரை லட்சத்துக்கு மேல் யார் பைக்குள் போகிறது?

கணக்குப்பிள்ளை

சம அசல் முறையில் முதல் மாதமே 35,000 கட்டவேண்டும். உங்களால் முடிந்திருந்தால் கட்டியிருக்கலாம். அசலை மெதுவாகத் திருப்பினால் வட்டி கூடுதலாக ஓடும், அவ்வளவுதான் விஷயம்.

அந்த 26,992 எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். மாதம் 22,500க்குக் குறைவாகக் கட்டினால் கடன் ஏறும். சரியாக 22,500 மட்டும் கட்டினால் பேரன் காலத்திலும் 30 லட்சம் அப்படியே நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு கட்டினால் 240ஆவது மாதம் பாக்கி பூஜ்யமாகும் என்று கண்டுபிடிப்பதுதான் சூத்திரத்தின் வேலை. விடை 4,492. மாதாமாதம் 4,492 ரூபாயை அதே 9 சதவீத வட்டிக்கு, மாதக் கூட்டு வட்டியில், 20 வருடம் ஆர்.டி. போட்டால் சரியாக 30 லட்சம் சேரும். எண்ணே அதுதான்.

இன்னொன்று. அதே 30 லட்சத்தைப் பத்து வருடத்துக்கு வாங்கிப் பாருங்கள். தவணை 38,003. முதல் மாத வட்டி அதே 22,500, ஒரு பைசா மாறாது. அசலில் மட்டும் 15,503 கழியும். வங்கி "முதலில் உருவுகிறது" என்றால் இங்கே ஏன் உருவவில்லை? 20 வருடம் கேட்டது யார்?

தாம்பரம் தனா

26,992இல் 22,500. இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ராசாத்தி

தம்பிகளா, நடுவில் புகுந்து கேட்கிறேன், கோபிக்காதீர்கள். 2021இல் 7 சதவீதத்துக்கு 30 லட்சம் எடுத்தோம். தவணை 23,259. தவணை இன்றைக்கும் அதேதான், ஆனால் 2023இல் வங்கியில் இருந்து வந்த கடிதத்தில் கடன் முடியும் வருடம் எங்கோ போய்விட்டது. வட்டி 9.5 ஆகிவிட்டதாம். வீட்டுக்காரர் ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் கழித்துத்தான் முடியும் போலிருக்கிறது. இது தவறா, சரியா?

கணக்குப்பிள்ளை

அக்கா, உண்மையான பிரச்சினை உங்களுடையதுதான். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்தது, 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. உங்கள் வட்டியும் அதோடு ஏறியது. இரண்டு வருடம் கட்டிய பிறகு பாக்கி சுமார் 28.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 9.5 சதவீதத்தில் அதற்கு மாத வட்டி 22,560 போல வரும். நீங்கள் கட்டுவது 23,259. அசலுக்குப் போவது மாதம் 700 ரூபாய்கூட இல்லை. இப்படியே விட்டால் அங்கிருந்து 37 வருடம் ஆகும்.

வட்டி கொஞ்சம் கூடினால் அடிவாங்குவது அசல் பங்கு. அது சின்னது, அதனால் தேதி தாவிக் குதிக்கிறது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று உங்களைக் கேட்கவேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்டில் உத்தரவு போட்டது. அதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

ராசாத்தி

கேட்டோம் தம்பி. கிளையில் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது" என்றார்கள்.

தாம்பரம் தனா

அக்கா சொல்வதற்கு மேல் சாட்சி வேண்டுமா? 23,259 கட்டி அசல் 700! நான் சொன்னதுதான்.

கணக்குப்பிள்ளை

நீங்கள் சொன்னது வேறு. "பத்து வருடம் ஆனபின் முன்கூட்டி அடைப்பவன் ஏமாளி" என்றீர்கள். முதல் உதாரணத்தில் 120 தவணை கட்டியபின் பாக்கி 21.31 லட்சம். அதற்கு அடுத்த மாத வட்டி சுமார் 15,980. வட்டி "முடிந்துவிட்டது" என்றால் இது எங்கிருந்து வருகிறது? அன்றைக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினால் அடுத்த மாத வட்டியில் 750 குறையும். முதல் வருடம் கட்டினாலும் 750தான், பதினைந்தாவது வருடம் கட்டினாலும் 750தான்.

பேனாமூடி

அப்படியானால் எப்போது கட்டினாலும் ஒன்றுதானா?

தாம்பரம் தனா

ஒன்று இல்லை! இங்கேதான் சார் மாட்டிக்கொண்டார். அதே கடனில் முதல் வருட முடிவில் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால் 19 மாதம் மிச்சம். பத்தாம் வருட முடிவில் அதே ஒரு லட்சம் கட்டினால் ஒன்பது மாதம்கூட முழுதாக மிச்சமாகாது. நானே ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். இதைத்தான் தலைகீழாக நின்று சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை

அந்த 19 சரி. முதல் வருடம் கட்டிய லட்சம் இன்னும் 19 வருடம் வட்டியை மிச்சப்படுத்தும், பத்தாம் வருடம் கட்டியது பத்து வருடம். நாள் அதிகம், மிச்சம் அதிகம். அதற்காகப் பின்னால் கட்டுபவன் ஏமாளி ஆகிவிடுவானா? உங்கள் கணக்கிலேயே, ஒரு லட்சம் கட்டி எட்டு தவணை மிச்சம் என்றாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் வருகிறது. வங்கி டெபாசிட்டில் 9 சதவீதம் கிடைத்தால் மட்டும் உங்கள் பேச்சு எடுபடும்.

தாம்பரம் தனா

முதலில் வட்டி அதிகம் என்று ஒரு வழியாக ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

கணக்குப்பிள்ளை

முதலில் *பாக்கி* அதிகம். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

பழைய லெட்ஜர்

இரண்டு பேரும் சண்டை போடுங்கள், நான் ஒன்று சொல்கிறேன். நான் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த காலத்தில் சில கடன்களுக்கு ஆண்டு முடிவில்தான் அசலைக் கழிப்போம். ஏப்ரலில் கட்டிய அசலுக்கும் மார்ச் வரை வட்டி ஓடும். அப்படிப் போட்டால் இதே கடனுக்குத் தவணை 27,387. மாதம் 395 ரூபாய் சும்மா போகும். தனா தம்பியின் கோபத்தில் ஒரு பழைய நியாயம் இருக்கிறது.

தாம்பரம் தனா

ஐயா, உங்கள் வாயில் சர்க்கரை. வங்கியில் இருந்தவரே சொல்லிவிட்டார்.

கணக்குப்பிள்ளை

லெட்ஜர் சார், பழைய கதையை இங்கே இழுத்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றாதீர்கள். இவருடைய கடன் மாதாந்திரக் குறைப்பு. அவர் ஸ்டேட்மென்டில் இரண்டாம் மாத வட்டி குறைந்திருந்தால் மாதாந்திரம், பன்னிரண்டு மாதமும் ஒரே எண் நின்றால் ஆண்டுக் கணக்கு. பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

பழைய லெட்ஜர்

"பழைய கதை" என்று சொல்லாதீர்கள். பேனாவில் கூட்டிய தலைமுறை நாங்கள். உங்கள் PMT இல்லாமல் ஒரு கடனை முடித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

பேனாமூடி

வட்டி கட்டினால் வரிச்சலுகை உண்டே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? 

கணக்குப்பிள்ளை

குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய வரி முறையில் வருடத்துக்கு இரண்டு லட்சம் வரை. முதல் வருட வட்டி 2.68 லட்சம். மிச்சத்துக்குச் சலுகை இல்லை. புதிய முறைக்குப் போனவருக்கு அதுவும் இல்லை. லெட்ஜர் சார், பேனா பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

பல்சர் பாண்டி

அண்ணே, அப்போ என் பைக் கடன் பிளாட் 11 என்றால் உண்மையில் எவ்வளவு?

தாம்பரம் தனா

பாண்டி, அவரிடம் கேட்காதே. முதலில் 22,500க்குப் பதில் சொல்லட்டும்.

பழைய லெட்ஜர்

395 ரூபாய்க்கும் பதில் வரவில்லை.