காலாவதியான சான்றிதழ்: மனிதவளத் துறைக்கு இன்று மாலைக்குள் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், உதவுங்கள்

இரவுப்பணி (9 செப்டம்பர் 2024, காலை 8.10)

அனைவருக்கும் வணக்கம். எனது சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று மனிதவளத் துறையிலிருந்து நினைவூட்டல் வந்திருக்கிறது. காரணத்தையும், எப்போது புதுப்பிப்பேன் என்பதையும் இன்று மாலைக்குள் எழுதித் தரச் சொல்கிறார்கள். எங்கள் மருத்துவமனையில் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனாலும் செய்தியை முதலில் தமிழில் சரிசெய்துகொண்டால் எனக்கு எளிது. நான் எழுதியிருப்பது இதுதான்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, எனது சான்றிதழின் காலம் முடிந்துவிட்டதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தவிர்க்க இயலாத காரணங்களால் உரிய நேரத்தில் புதுப்பிக்க முடியவில்லை. கூடிய விரைவில் புதுப்பித்துச் சமர்ப்பிக்கிறேன். சிரமத்துக்கு வருந்துகிறேன்."

இது போதுமா?

கோவை மனிதவளம்

போதாது, சகோதரி. நான் ஒரு மருத்துவமனையில் பணியாளர் கோப்புகளைப் பார்த்துக்கொள்பவன் என்பதால் சொல்கிறேன்: எந்தச் சான்றிதழ், எந்தத் தேதியோடு முடிந்தது, புதிய சான்றிதழ் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்ற மூன்றுமே இந்த வரைவில் இல்லை. "கூடிய விரைவில்" என்று எழுதினால் அந்தக் கோப்பில் நான் எதையும் குறித்துவைக்க முடியாது; அடுத்த வாரம் மீண்டும் உங்களுக்கு நினைவூட்டல்தான் வரும்.

பதிவுத்துறை நண்பன்

தங்கை செவிலியர் என்று தெரிகிறது. அப்படியானால் இது நர்சிங் கவுன்சில் பதிவுதான். 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்வி 150 மணி நேரம் காட்ட வேண்டும். உங்களிடம் எத்தனை மணி நேரம் சேர்ந்திருக்கிறது என்பதை மின்னஞ்சலில் முதலில் எழுதுங்கள். பதிவு இல்லாமல் பணியில் இருப்பது பெரிய சிக்கல். வழக்கறிஞர் ஒருவரையும் கலந்து பேசுவது நல்லது.

விதிநூல்

இந்தப் பகுதியில் கேள்வி கேட்பவர்கள் அடிப்படை விவரத்தைக்கூடத் தராமல் எழுதுவது வழக்கமாகிவிட்டது. எந்தச் சான்றிதழ் என்று கூறாமல் "போதுமா" என்று கேட்டால் எவராலும் விடை சொல்ல இயலாது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்திருக்கலாம்.

இரவுப்பணி

மன்னிக்கவும், ஐ.சி.யூ.வில் இருப்பவர்களுக்கு இது தெரியும் என்று நினைத்துவிட்டேன். கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறது. காலாவதியானது ஏ.சி.எல்.எஸ். என்ற மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சியின் இ-கார்டு. வழங்கிய நாள் 11 ஆகஸ்ட் 2022. ஆகவே 11 ஆகஸ்ட் 2024 அன்று முடிந்துவிட்டது, ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. 24 ஆகஸ்ட் வகுப்புக்கு இடம் பதிவு செய்திருந்தேன்; பயிற்சி மையம் அந்த வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டது. இப்போது 21 செப்டம்பர், சனிக்கிழமை, இடம் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

சரோஜா அக்கா

தங்கைக்கு வணக்கம். பல ஆண்டுகளாக இந்த வகுப்புகளை நடத்திவருகிறேன். முதலில் உங்கள் கார்டைத் திறந்து `Renew By` என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே `08/2024` என்று மாதமும் ஆண்டும்தான் இருக்கும். அந்த மாதத்தின் கடைசி நாள் வரை கார்டு செல்லும். ஆகவே உங்கள் கார்டு முடிந்தது ஆகஸ்ட் 31 அன்று, 11 அன்று அல்ல. இது சிறிய திருத்தமாகத் தோன்றலாம். ஆனால் நீங்கள் பதிவு செய்திருந்த 24 ஆகஸ்ட் வகுப்பு, கார்டு நடப்பில் இருந்த காலத்துக்குள்ளேயே வருகிறது என்பதை இந்தத் திருத்தம்தான் காட்டுகிறது. அந்தப் பதிவுக்கு மையம் அனுப்பிய உறுதி மின்னஞ்சலும், தள்ளிவைப்பு அறிவிப்பும் உங்களிடம் இருந்தால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். "தவிர்க்க இயலாத காரணங்கள்" என்ற சொற்கள் அதன் பிறகு தேவைப்படாது.

இன்னொன்றும் தெரிய வேண்டும்: பி.எல்.எஸ். என்ற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக்கான உங்கள் கார்டு எந்த நிலையில் இருக்கிறது?

இரவுப்பணி

அக்கா, அதில் `10/2024` என்று இருக்கிறது. மையத்தின் இரண்டு மின்னஞ்சல்களும் இருக்கின்றன.

கடலோடி

எனது அனுபவத்தையும் சொல்கிறேன். கப்பல் பணியில் எங்களுக்கு அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியின் சான்றை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அது இல்லாமல் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். ஒரு முறை எனக்கு இப்படி ஆனபோது, நிறுவனத்துக்கு எதுவும் எழுதாமல் முதலில் வகுப்பை முடித்துவிட்டுப் பிறகு தெரிவித்தேன். நீங்களும் 21ஆம் தேதிக்குப் பிறகு எழுதுவதே பாதுகாப்பு என்று எனக்குப் படுகிறது.

கோவை மனிதவளம்

ஐயா, நீங்கள் அப்போது கரையில் இருந்தீர்கள். இவர் இன்றிரவும் ஐ.சி.யூ.வில் பணியில் இருப்பார். அதோடு, நினைவூட்டலே மனிதவளத் துறையிலிருந்துதான் வந்திருக்கிறது. எழுதாமல் இருந்தால் இடைவெளி மறையாது, பதில் தராதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். அமைப்பின் மதிப்பீட்டாளர்கள் வரும்போது, ஐ.சி.யூ. செவிலியர் சிலரின் கோப்பை எடுத்து, உயிர்காப்புப் பயிற்சியின் தேதியைப் பார்ப்பார்கள். அங்கே காலாவதியான கார்டு மட்டும் இருந்தால் அது குறை. அதன் பின்னால், எந்த நாளில் தெரிவிக்கப்பட்டது, இடைக்காலத்தில் என்ன ஏற்பாடு, எந்த நாளில் சரியாகும் என்ற கடிதமும் மேலாளரின் ஒப்புதலும் இருந்தால், மருத்துவமனை இதைக் கவனித்திருக்கிறது என்று காட்ட முடியும். நாங்கள் இந்த மின்னஞ்சலைக் கேட்பது அதற்காகத்தான், தண்டிப்பதற்காக அல்ல.

விதிநூல்

காலாவதியான பிறகும் 30 நாள் சலுகைக்காலம் உண்டு என்பது அனைவரும் அறிந்ததே. ஆகஸ்ட் 31 முதல் கணக்கிட்டால் 21 செப்டம்பர் அதற்குள் அடங்கிவிடுகிறது. சான்றிதழ் இன்னும் செல்லும் என்று ஒரே வரியில் எழுதி முடிக்கலாம். இவ்வளவு நீண்ட ஆலோசனைக்கு இடமே இல்லை.

சரோஜா அக்கா

அந்த வரியை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கார்டின் காலத்துக்குப் பின் தானாகக் கிடைக்கும் சலுகைக்காலம் எதுவும் இல்லை. கார்டு காலாவதியான ஒருவரைச் சுருக்கமான புதுப்பிப்பு வகுப்பில் சேர்த்துக்கொள்வதா, முழு வகுப்புக்கு அனுப்புவதா என்பதைப் பயிற்சி மையம் தீர்மானிக்கலாம். சில மையங்கள் இதற்குச் சில வாரங்களைத் தாங்களே வரையறுத்து வைத்திருக்கின்றன. "30 நாள் சலுகை" என்ற பேச்சு அங்கிருந்து வந்திருக்க வேண்டும். அது வகுப்பில் சேர்வதற்கான அனுமதி. கார்டு செல்லும் என்பதற்கான உறுதி அல்ல.

இதில் தங்கை கவனிக்க வேண்டியது இன்னொன்று. கார்டு நடப்பில் இருப்பவர் மெகாகோட் என்ற செய்முறைத் தேர்விலோ எழுத்துத் தேர்விலோ தடுமாறினால், அங்கேயே மீண்டும் பயிற்சி கொடுத்து மறுதேர்வு வைக்கலாம். கார்டு முடிந்த நிலையில் புதுப்பிப்பு வகுப்புக்கு வருபவருக்கு அந்த வாய்ப்புக் கிடையாது என்பதே நான் பின்பற்றிவரும் விதி. தேறாவிட்டால் முழு வகுப்பையும் படிக்க வேண்டும், எங்கள் மையத்தில் அது இரண்டு நாள். எழுத்துத் தேர்வில் 84 விழுக்காடு வேண்டும். ஆகவே 21ஆம் தேதியை மட்டும் வாக்குறுதியாகத் தந்துவிட்டு, அன்று தேறாமல் போனால் இரண்டாவது மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். மாற்றுத் தேதியை இப்போதே கேட்டுப் பெற்று மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள். வகுப்பு முடியும் நாளும் இ-கார்டு வரும் நாளும் ஒன்றல்ல; மையம் பதிவேற்றி, உங்கள் மின்னஞ்சலுக்கு இணைப்பு வந்து, நீங்கள் அதைத் திறந்து பெற்றுக்கொள்ளும்வரை சில நாள்கள் பிடிக்கும்.

விதிநூல்

நான் பணிபுரிந்த இடத்தில் சலுகைக்காலத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கோவை மனிதவளம்

அது அந்த நிறுவனம் தனக்கு வகுத்துக்கொண்ட விதியாக இருக்கலாம். இவருடைய மருத்துவமனை என்ன வைத்திருக்கிறது என்பதை அங்கேதான் கேட்க வேண்டும்.

இரவுப்பணி

மையத்துடன் தொலைபேசியில் பேசினேன். 21ஆம் தேதி புதுப்பிப்பு வகுப்பில் என்னைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முழு வகுப்பு அக்டோபர் 5, 6 தேதிகளில் இருக்கிறது. கார்டு வர ஒரு வாரம் ஆகலாம் என்றார்கள். பி.எல்.எஸ்.ஸையும் 21ஆம் தேதிக்கு முந்தைய நாளே முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இடைக்கால ஏற்பாடு என்று நான் எதை எழுதுவது?

சரோஜா அக்கா

உங்கள் பி.எல்.எஸ். நடப்பில் இருக்கிறது, ஆகவே மார்பு அழுத்தம் கொடுப்பதற்கும், மூச்சுப் பை பிடிப்பதற்கும் உங்கள் சான்று செல்லும். அதை மின்னஞ்சலில் தெளிவாகச் சொல்லாவிட்டால், உயிர்காப்புப் பயிற்சியே இல்லாதவர் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. நோயாளியின் இதயம் நின்றால் விடுக்கப்படும் கோட் புளூ அழைப்பில் டிஃபிப்ரிலேட்டர், மருந்து ஆகிய பொறுப்புகளை நடப்பு ஏ.சி.எல்.எஸ். உள்ள ஒருவர் ஏற்கும்படி ரோஸ்டர் அமைக்கலாம் என்று நீங்கள் முன்மொழியுங்கள். முடிவெடுப்பது நர்சிங் சூப்பிரண்டெண்டெண்ட் என்பதால் அவருக்கும் நகல் அனுப்புங்கள். உங்கள் விவரங்களை வைத்து எழுதிப் பார்த்தேன்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: ஏ.சி.எல்.எஸ். சான்று 31.08.2024 அன்று காலாவதியானது. புதுப்பிக்கும் திட்டமும் தேதியும்.

ஐ.சி.யூ.வில் செவிலியராகப் பணிபுரியும் எனது ஏ.சி.எல்.எஸ். இ-கார்டு 31.08.2024 அன்று காலாவதியானது. எனது கவுன்சில் பதிவும், 31.10.2024 வரை செல்லும் பி.எல்.எஸ். இ-கார்டும் நடப்பில் உள்ளன. 24.08.2024 வகுப்பில் நான் இடம் பதிவு செய்திருந்தேன். பயிற்சி மையம் அவ்வகுப்பைத் தள்ளிவைத்தது. அது தொடர்பான இரு மின்னஞ்சல்களும் இணைக்கப்பட்டுள்ளன.

20.09.2024 அன்று பி.எல்.எஸ்., 21.09.2024 அன்று ஏ.சி.எல்.எஸ். புதுப்பிப்பு வகுப்புகளில் கலந்துகொண்டு, புதிய இ-கார்டுகளை 30.09.2024க்குள் சமர்ப்பிக்கிறேன். அன்று தேர்ச்சி பெறாவிட்டால் 05.10.2024, 06.10.2024 ஆகிய நாள்களின் முழு வகுப்பில் சேர்ந்து, 15.10.2024க்குள் சமர்ப்பிப்பேன்.

அதுவரை கோட் புளூ அழைப்புகளில் டிஃபிப்ரிலேட்டர், மருந்துப் பொறுப்புகளை நடப்புச் சான்று உள்ள செவிலியருக்கு ஒதுக்குமாறு முன்மொழிகிறேன். இவ்வேற்பாட்டுக்கும், வகுப்பு நாள்களில் எனக்குப் பணி ஒதுக்காமல் இருப்பதற்கும் தங்கள் ஒப்புதலை வேண்டுகிறேன்."

கோவை மனிதவளம்

இது எனக்கு வந்திருந்தால் அன்றே ஒப்புதல் போட்டிருப்பேன். ஒரே ஒரு மாற்றம்: அந்த இரண்டு நாள்களும் பணிநாளாகக் கணக்கிடப்படுமா, விடுப்பில் கழியுமா என்பதை வெளிப்படையாகக் கேளுங்கள். கட்டணத்தை யார் செலுத்துவது என்பதையும் கேட்கலாம்.

பதிவுத்துறை நண்பன்

கட்டணத்தை மருத்துவமனைதான் தர வேண்டும். பணிக்கு அவர்களே கேட்கும் சான்று அல்லவா?

கோவை மனிதவளம்

சில இடங்களில் முழுவதும் தருகிறார்கள், சில இடங்களில் ஓராண்டு பணியில் இருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு தருகிறார்கள், சில இடங்களில் தருவதே இல்லை. பணி நியமனக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் "தர வேண்டும்" என்று எழுதுவது சரியாக இருக்காது.

பதிவுத்துறை நண்பன்

கடிதத்தில் இல்லாவிட்டாலும் நியாயம் அதுதான். குறைந்த ஊதியத்தில் இருக்கும் செவிலியர் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தம் கையிலிருந்து செலவழிக்க வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

சரோஜா அக்கா

நியாயம் என்ற அளவில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் தேதிக்கு ஒப்புதல் கேட்கும் மின்னஞ்சலில் கட்டண வாதத்தையும் வைத்தால், நிதிப் பிரிவின் பதிலுக்காக முழுக் கடிதமும் காத்திருக்கும். அதைத் தனி மின்னஞ்சலாக எழுதுவதே நல்லது என்பது என் கருத்து.

இரவுப்பணி (11 செப்டம்பர் 2024)

அக்கா எழுதியபடியே, பணிநாள் கேள்வியை மட்டும் சேர்த்து அனுப்பினேன். 21ஆம் தேதிக்கு ஒப்புதல் வந்துவிட்டது. சூப்பிரண்டெண்டெண்ட் அம்மா இரவு ரோஸ்டரில் ஏ.சி.எல்.எஸ். உள்ள ஒருவரை என்னுடன் போட்டிருக்கிறார். பணிநாளா விடுப்பா என்பதற்கு இன்னும் பதில் இல்லை. கட்டணம் பற்றித் தனியாக எழுதியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி, பணிக்குக் கிளம்புகிறேன்.