டோக்கன் 3042, ஆனால் 3047-ஐ முதலில் கூப்பிட்டு விட்டார்கள்: யாராவது விளக்குங்களேன்

வணக்கம் மக்களே, பினாங்கில் அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டி வந்திருக்கிறேன், மருத்துவமனை ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் இரண்டு கீழே போட்டிருக்கிறேன், பாருங்கள்.

காலை 9.10-க்கு எடுத்தது: டோக்கன் 3042, முன்னால் 6 பேர், காத்திருப்பு 35 நிமிடம். 9.40-க்கு எடுத்ததில் அதே டோக்கன், ஆனால் முன்னால் 8 பேர், 50 நிமிடம்! அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு வரிசை எப்படிப் பின்னால் போகும்?

கணக்குப் போட்டால் இரண்டிலும் ஆளுக்கு ஏறக்குறைய 6 நிமிடம்தான் வருகிறது. அதாவது ஆப் வெறுமனே ஆட்களைப் பெருக்கிச் சொல்கிறது போல, டாக்டர் ஒருவரிடமே இருபது நிமிடம் பேசினால் அதற்குத் தெரியாது. அது சரி. ஆனால் 3047 எப்படி எங்களுக்கு முன்னால் 4-ஆம் அறைக்குள் போனது? அறைக்கு அறை வரிசை தனியா, அல்லது சீக்கிர அப்பாயின்ட்மென்ட் உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் நடுவில் சேர்க்கப்படுகிறார்களா?

அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு விட்டார்கள், பார்வை மங்கலாக இருக்கிறது. கீழே கேன்டீனுக்குக் கூட்டிப் போய் மைலோ வாங்கிக் கொடுக்கலாமா, அதற்குள் கூப்பிட்டு விட்டால் டோக்கன் போய்விடுமா? அனுபவம் உள்ளவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.