டவரே இல்லாத இடத்தில் ரெண்டு போன் பேசிக்கொள்வது

பூம்பாறைப்பூண்டு
மன்னவனூர் ஏரிக்கரை. ரெண்டு போனிலும் டவர் இல்லை. 3 ஜிபி வீடியோ கைமாற வேண்டும். ப்ளூடூத் மூன்று மணி நேரத்துக்கு மேல் காட்டியது. ஹாட்ஸ்பாட் போட்டால் அடுத்த போன் சேர்ந்துகொள்கிறது, கொஞ்ச நேரத்தில் "இன்டர்நெட் இல்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறது. வைஃபை டைரக்ட்டில் சில நிமிஷத்தில் முடிந்தது. ரெண்டும் வைஃபைதானே?

கேரட்மூட்டை
ஹாட்ஸ்பாட் டேட்டாவில் ஓடுவது, டவர் இல்லாவிட்டால் வேலைக்கு ஆகாது. டைரக்ட்டில் ரெண்டு போனும் சமம், அதில் ரவுட்டர் வேலை யாருக்கும் இல்லை.

கூக்கால்_வயர்மேன்
ரெண்டுமே பாதிதான் சரி. சிம்மே இல்லாத போனிலும் ஹாட்ஸ்பாட் கிளம்பினால் கோப்பு போகும், அதற்கு ஒரு எம்பி டேட்டாகூடச் செலவில்லை. டவர் இருக்கும் இடத்தில்தான் செலவு: சேர்ந்த போன் பின்னால் ஆப் அப்டேட் இழுத்தால் உங்கள் டேட்டா கரையும்.

டைரக்ட்டிலும் ஒருத்தர் ரவுட்டர் வேலை பார்த்தே ஆக வேண்டும். அது யார் என்று சேரும்போதே ரெண்டு போனும் பேசி முடிவு செய்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் பொறுப்பேற்ற போனின் முகவரி பெரும்பாலும் 192.168.49.1.

பூண்டு, உங்கள் சிக்கல் வேறு. ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்த போன் அதை இன்டர்நெட் தரும் வைஃபையாக நினைக்கிறது. நெட் வரவில்லை என்றதும் வெட்டிவிடும், அல்லது சிம் பக்கம் தாவும். "இணைப்பில் இரு" என்று கேட்கும்போது ஆம் சொல்லி, மொபைல் டேட்டாவை அணைத்திருந்தால் நின்றிருக்கும். டைரக்ட்டிடம் போன் நெட்டை எதிர்பார்ப்பதே இல்லை, அதனால் வெட்டவும் இல்லை.

டைரக்ட்டுக்கு ரெண்டு போனிலும் வைஃபை ஆனில், ஹாட்ஸ்பாட் ஆஃபில் இருக்கட்டும். வைஃபை டைரக்ட் பக்கத்தை ரெண்டிலும் ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள். ஒன்றை மூடினால் மற்றதில் பெயர் வராது. பழைய ஆண்ட்ராய்டில் லொகேஷனும் ஆன் வேண்டும். அந்தப் பக்கம் கைகோத்து மட்டும்தான் விடும். கோப்பு அனுப்பத் தனி ஆப் வேண்டும், இங்கேதான் பாதிப் பேர் முழிப்பது.

பெருமாள்மலை_ஹோம்ஸ்டே
எங்கள் பிரிண்டர் DIRECT- என்று தொடங்கும் பெயரில் வைஃபை பட்டியலில் வருகிறது. கெஸ்ட் அதில் சேர்ந்துவிட்டு நெட் வரலைன்னு சண்டை. ஐபோனில் டைரக்ட்டே கிடையாதாமே, அவர்கள் மட்டும் எப்படிப் பிரிண்ட் எடுக்கிறார்கள்?

கூக்கால்_வயர்மேன்
அங்கே பொறுப்பு பிரிண்டரிடம். ஐபோன் சாதா வைஃபை என்று நினைத்துப் பாஸ்வேர்ட் போட்டுச் சேர்கிறது, அவ்வளவுதான். பிரிண்டருக்கு நெட் கொடுக்கத் தெரியாது. சிலதில் பாஸ்வேர்ட் 12345678 என்றே வரும், முதலில் அதை மாற்றுங்கள்.

கேரட்மூட்டை
டேட்டா விஷயம் ஒத்துக்கறேன். ஆனால் கார்களுக்கு நடுவே வைத்தால் டைரக்ட்டும் திணறும். போனை மேலே தூக்கிப் பிடியுங்கள், பேட்டரி சேவரை அணையுங்கள், பவர்பேங்கும் கையில் இருக்கட்டும்.

பூம்பாறைப்பூண்டு
பவர்பேங்க் கேட்கவில்லை அண்ணே. வயர்மேன், நேற்று சேர்ந்த அதே போன் இன்றைக்கு மறுபடி அனுமதி கேட்கிறது. இன்னொரு போன் கேட்காமலே சேருது. ஏன்?

கூக்கால்_வயர்மேன்
ரெண்டும் எந்த மாடல் என்று போடுங்கள், பார்ப்போம்.