புதுப்பிப்பு: டேங்க் தண்ணீர் மஞ்சளாக வந்து நாறியதற்குக் காரணம் கிடைத்தது

என் பழைய கேள்வி: "டேங்க் தண்ணீர் மஞ்சளா வருது, அழுகின முட்டை நாத்தம். சுத்தம் பண்ணி டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஹவுஸ் ஓனர்கிட்ட எப்படிக் கேக்குறது?"

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது பிளம்பர் அண்ணன் யோசனை: போர் குழாயிலும் டேங்க் குழாயிலும் தனித்தனி பாட்டிலில் பிடித்து ஒப்பிடுவது. போர் தண்ணீர் தெளிவாக வந்து, வைத்திருந்தபின் மஞ்சளானது. "இரும்புதான்" என்றவர் சொன்னது நிறத்துக்குச் சரி. ஆனால் நாற்றம் டேங்க் தண்ணீரில் மட்டும்தான். இரண்டு பாட்டிலையும் படமெடுத்து, "டேங்க் கழுவி, கிருமி டெஸ்ட்டும் எடுக்கணும் சார்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் ஓனர் ஆள் அனுப்பினார்.

எதிர்பாராதது: ஓவர்ஃப்ளோ குழாயில் வலை இல்லை. அடியில் கறுப்புச் சேறு, அழுகிய இலை, செத்த பல்லி. சேற்றை அள்ளித் தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டார்கள். வீட்டுக் குழாய்களிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து, இரவு முழுக்க வைத்து வடித்தார்கள். வலையும் கட்டியாயிற்று.

டெஸ்ட்டுக்கு உடனே தண்ணீர் பிடிக்காதீர்கள். மிச்சமிருக்கும் குளோரின் முடிவைப் பொய்யாக்கும். குளோரின் வாடை முழுதும் போனபின், லேப் தந்த கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்தோம், கோலிஃபார்ம் கிருமி இல்லை.

மெட்ரோ தண்ணீர் கலங்கல் பற்றிக் கேட்ட தம்பி, உங்களுடையது தெருக்குழாயிலேயே வருவதால் டேங்க் கழுவினால் தீராது. எங்கள் மஞ்சள் நிறமும் இன்னும் போகவில்லை. இரும்பு ஃபில்டர் பற்றி ஓனர் பதில் சொல்லவில்லை.