ஃபீசிபிலிட்டி ரிப்போர்ட்டை எந்த வரிசையில் எழுதுவது? வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கணும்

பைன்டவுன் செல்வம் · திங்கள், இரவு 9:40
வணக்கம். நாங்கள் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை, 80 பேர் வேலை செய்கிறோம். முதலாளி என்னை ஃபீசிபிலிட்டி ரிப்போர்ட் எழுதச் சொல்லிவிட்டார். பிரச்சினை என்ன என்பதில் ஆரம்பித்து பரிந்துரை வரை என்னென்ன தலைப்பு, எந்த வரிசை என்று யாராவது சொல்லுங்கள். மாதிரி இருந்தாலும் போதும். அவசரம்.

லெனேசியா வாசு · 9:52
என்ன தொழிற்சாலை? எதற்கு ரிப்போர்ட்? இடம் மாற்றவா, மெஷின் வாங்கவா?

டர்பன் மாணவி · 10:05
அண்ணா, எனக்கும் இதே சந்தேகம்தான். எங்கள் வழிகாட்டி முதல் அத்தியாயத்தில் இலக்கிய மீளாய்வு வரணும் என்கிறார். உங்கள் ரிப்போர்ட்டில் அது எத்தனை பக்கம்?

நேட்டால் மூத்தவர் · 10:20
மாணவியம்மா, இது ஆய்வேடு இல்லை. செல்வம், இந்தக் கேள்விக்கு இங்கே பல தடவை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். ரிப்போர்ட்டைப் படிக்கப்போவது பேங்கா, முதலாளியா என்றுகூட எழுதவில்லை. அது தெரியாமல் வரிசை எப்படிச் சொல்வது? இருபத்தைந்து வருஷம் கடன் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன்: பேங்க் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பும்.

பைன்டவுன் செல்வம் · 10:41
மன்னிக்கணும் ஐயா. பிளாஸ்டிக் பாட்டில் செய்கிறோம், 1 லிட்டர், கிளீனிங் திரவத்துக்கு. இரண்டு புளோ மோல்டிங் மெஷின் இருக்கிறது. மூன்றாவது வாங்கணும், மோல்டு, பொருத்தும் செலவு எல்லாம் சேர்த்து 42 லட்சம் ரேண்ட். முதலில் முதலாளி படிப்பார், பிறகு பேங்குக்குப் போகும். பிரச்சினை பகுதியில் நான் எழுதியிருப்பது: "நிறுவனத்துக்கு மூன்றாவது மெஷின் இல்லாததால் ஆர்டரை முடிக்க இயலவில்லை."

கணக்கர் ராகவன் · 10:58
போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்பதுதான் ரிப்போர்ட்டின் உயிர். மற்றதெல்லாம் அலங்காரம். மூன்று வருஷத்துக்குள் வந்தால் வாங்கு, இல்லையென்றால் விடு. உற்பத்தி மெஷின் என்பதால் விலையை வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 12C-யில் 40, 20, 20, 20 என்று நாலு வருஷத்தில் கழித்துவிடலாம், புது மெஷினாக இருக்கணும். அதையும் சேர்த்துப் போடு. ஒரு பாட்டிலுக்கு என்ன மிஞ்சும்?

பைன்டவுன் செல்வம் · 11:10
பொருளும் மின்சாரமும் போக 1.20 ரேண்ட். புது மெஷின் மாதம் 3,16,800 பாட்டில் அடிக்கும். அப்படிப் பார்த்தால் போட்ட பணம் 11 மாதத்தில் வந்துவிடுகிறது. நல்லாத்தானே இருக்கு?

மெரிபேங்க் மீனா · செவ்வாய், காலை 6:15
தம்பி, அந்த 11 மாதத்தை முதலாளியிடம் காட்டாதீங்க. அது மெஷின் அடிக்கக்கூடிய பாட்டில். விற்கக்கூடிய பாட்டில் இல்லை. ஆர்டர் எவ்வளவு, இப்போது எவ்வளவு கொடுக்கிறீங்க? இரண்டு மெஷினும் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுது?

பைன்டவுன் செல்வம் · 6:50
ஆர்டர் மாதம் 4,80,000. கொடுப்பது 4,10,000. மூன்று ஷிப்ட், 22 நாள். ஒரு அடிப்புக்கு 2 பாட்டில், 12 விநாடி. அக்கா, ஷிப்ட் ஆரம்பிக்குது, மத்தியானம் வர்றேன்.

மெரிபேங்க் மீனா · 8:30
சரி, நான் பிளாஸ்டிக்கில்தான் காலம் தள்ளியவள், அதனால் கணக்கை இங்கேயே போட்டுக் காட்டுறேன்.

உங்களுக்குக் குறைவது 70,000 பாட்டில். புது மெஷின் வந்தாலும் கூடுதலாக விற்பது அந்த 70,000-தான். அதற்கு 84,000 ரேண்ட் மிஞ்சும். மூன்று ஷிப்டுக்குக் கூடுதல் ஆள் கூலி மாதம் 30,000 என்று வைத்தாலும் கையில் நிற்பது 54,000. 42 லட்சத்தை அதால் வகுத்தால் ஆறரை வருஷம். 11 மாதமும் ஆறரை வருஷமும் ஒரே மெஷினுக்கு வந்த விடைகள். எது சரி என்பதைத் தீர்மானிப்பது பிரச்சினைப் பகுதி. அதனால்தான் அது முதலில் வருது.

நீங்கள் எழுதிய வாக்கியத்தில் தீர்வு உள்ளேயே உட்கார்ந்திருக்கு. "மூன்றாவது மெஷின் இல்லாதது" பிரச்சினை ஆகாது. பிரச்சினை இதுதான்: மாதம் 70,000 பாட்டில் குறைகிறது, இத்தனை மாதமாகக் குறைகிறது, அதனால் இவ்வளவு பணம் போகிறது. மெஷின் என்ற சொல்லே அந்தப் பத்தியில் வரக்கூடாது. வந்துவிட்டால் பிறகு எழுதும் மாற்று வழிகள் பகுதி வெறும் பெயருக்கு ஆகிவிடும், பேங்க்காரர் அதை உடனே கண்டுபிடிப்பார்.

அடுத்த பகுதி இன்றைய நிலை. நிறையப் பேர் அரைப் பக்கத்தில் தாண்டிவிடுவது இதைத்தான். உங்கள் இரண்டு மெஷினுக்கும் மாதம் 1,056 மணி நேரம் இருக்கு. மணிக்கு 600 பாட்டில் என்றால் 6,33,600 வரணும். வருவது 4,10,000. அது 683 மணி நேர வேலை. மீதி 373 மணி நேரம் எங்கே போச்சு? மோல்டு மாற்றும் புத்தகம், கழிவு எடை, மின்வெட்டுக் குறிப்பு மூன்றையும் எடுத்து உட்காருங்க.

நேட்டால் மூத்தவர் · 9:05
மீனா சொல்வதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், தீர்வைப் பிரச்சினையாக எழுதுபவர்கள் ஏராளம். ஆனால் செல்வம், பேங்குக்குப் போவது என்றால் ஆபத்துப் பகுதியில் சாஸ்ரியா காப்பீடு ஒரு வரி இருக்கணும். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு குவாசுலு-நேட்டாலில் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதாரணக் காப்பீடு கலவரத்துக்குப் பொருந்தாது.

லெனேசியா வாசு · 9:30
என் அனுபவம் ஒன்று. எங்கள் மசாலா அரைக்கும் இடத்துக்குப் புது மெஷின் இறக்கினோம். ரிப்போர்ட்டில் மெஷின் விலை இருந்தது, மின் இணைப்பைப் பெரிதாக்கும் செலவு இல்லை. மெஷின் வந்து மரப்பெட்டியிலேயே பல மாதம் கிடந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது எண்ணெய் தடவாத பக்கத்தில் துரு. தவணை மட்டும் முதல் மாதத்திலிருந்தே ஓடியது. தம்பி, நகராட்சியிடம் இணைப்புக்கான விலைக் குறிப்பை இப்போதே எழுதிக் கேளுங்கள்.

பைன்டவுன் செல்வம் · மதியம் 1:20
புத்தகம் பார்த்தேன் அக்கா. மோல்டும் நிறமும் மாற்ற 22 தடவை, ஒன்றுக்கு 7 மணி, மொத்தம் 154. கழிவு 35,000 பாட்டில், அது 58 மணி. மின்வெட்டும் மறுபடி சூடேற்றுவதும் 96 மணி. மீதி 65 மணி எங்கே போனது என்று யாரும் எழுதவில்லை.

கணக்கர் ராகவன் · 1:45
96 மணி! அப்போ விடை கிடைத்தாச்சு. கூரையில் சோலார், பேட்டரி. மெஷினை விடுங்கள், சோலாருக்கு ரிப்போர்ட் எழுதுங்கள்.

லெனேசியா வாசு · 2:00
புளோ மோல்டிங்கை பேட்டரியில் ஓட்டவா? இரவு ஷிப்டில் எத்தனை மணி நேரம் தாங்கும்? டீசல்தான் நடைமுறை.

கணக்கர் ராகவன் · 2:08
டீசல் விலை தெரிந்துதான் பேசுகிறீர்களா? ஒவ்வொரு மாதமும் மாறும் விலையை வைத்து ஐந்து வருஷக் கணக்கு எப்படிப் போடுவது?

லெனேசியா வாசு · 2:15
பேட்டரி மாற்றும் செலவு மட்டும் மாறாதா?

நேட்டால் மூத்தவர் · 2:40
இரண்டு பேரும் நிறுத்துங்கள். லோட் ஷெடிங் 2024 மார்ச் கடைசியோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. பிறகு வந்தது சில நாட்கள்தான். செல்வம், அந்த 96 மணி எந்த வருஷத்துப் புத்தகம்?

பைன்டவுன் செல்வம் · 3:05
2023 சராசரி ஐயா. பைலில் அதுதான் மேலே இருந்தது.

மெரிபேங்க் மீனா · மாலை 5:30
நல்ல கேள்வி கேட்டீங்க ஐயா. 2023-ல் நாடே இருட்டில் இருந்தது. அந்த எண்ணை வைத்தால் இல்லாத பிரச்சினைக்குக் கடன் வாங்குவது ஆகும். கடைசி ஆறு மாதத்தை மட்டும் எடுங்க தம்பி. பாட்டில் எண்ணிக்கையும் மணியும் ஒரே காலத்தைச் சேர்ந்ததாக இருக்கணும்.

பைன்டவுன் செல்வம் · 6:10
ஆறு மாத சராசரியில் மின்சாரம் 34 மணிதான், பெரும்பாலும் கேபிள் பழுது. மோல்டு, கழிவு அப்படியேதான். அப்படியென்றால் கணக்கில் வராதது 127 மணி ஆகிறதே?

மெரிபேங்க் மீனா · 6:25
ஆமாம், அதுதான் இப்போது முக்கியமான எண். ஒன்று செய்யுங்க. அந்த 12 விநாடி எங்கிருந்து வந்தது? மெஷின் வாங்கியபோது தந்த தாளிலிருந்தா? நாளைக்கு மத்தியானம், ஷெட் நன்றாகச் சூடாகியிருக்கும் நேரத்தில், போன் ஸ்டாப்வாட்சை வைத்து மெஷின் பக்கத்தில் நின்று 50 அடிப்பு எண்ணுங்க. மோல்டைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீரின் சூட்டையும் பாருங்க.

வரிசை கேட்டீங்களே, அதையும் சொல்லிடுறேன். குறை எவ்வளவு என்பது முதலில். பிறகு இன்றைய நிலை, மணிக்கணக்கோடு. எதுவும் செய்யாவிட்டால் அடுத்த இரண்டு வருஷம் என்ன ஆகும் என்பதும் அதற்குள்ளேயே வரட்டும். அப்புறம் மாற்று வழிகள்: நிற மாற்றத்தை ஒழுங்காக்குவது, வெளியில் கொடுத்து அடிப்பது, புது மெஷின். நிற மாற்றத்துக்குப் பணம்கூட அதிகம் வேண்டாம். வெள்ளையில் தொடங்கி மஞ்சள், நீலம், கறுப்பு என்று வாரத்தை அமைத்தால் பாதி மாற்றங்களில் கழுவும் நேரம் மிச்சம். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வருவதுதான் கொல்லும். ஒவ்வொரு வழியும் தொழில்நுட்பத்தில் நடக்குமா, வாசு சொன்ன மின் இணைப்பும் இதில் வரும், பிறகு கூடுதலாக வரும் பணம் மட்டும், பிறகு ஆர்டர் 20 சதவீதம் குறைந்தால் என்ன ஆகும். கடைசியில் பரிந்துரை, அதுவும் எந்த நிபந்தனையில் என்று சொல்லி.

நேட்டால் மூத்தவர் · 6:50
பரிந்துரையின் சுருக்கத்தை முதல் பக்கத்திலும் வைக்கணும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மெரிபேங்க் மீனா · 7:02
வைக்கலாம் ஐயா, ஆனால் கடைசியாக எழுதணும். முதலில் எழுதிவிட்டால் மனசு அதற்குத் தோதாகவே எண் தேடும். செல்வத்துக்கும் அதுதான் நடந்தது.

கணக்கர் ராகவன் · 7:20
அடுத்த வருஷம் ஆர்டர் 6,00,000 ஆகும் என்று வாடிக்கையாளர் சொன்னால்? அப்போ இரண்டு மெஷின் எப்படியும் போதாது. நான் இன்னும் மெஷின் பக்கம்தான்.

மெரிபேங்க் மீனா · 7:31
அது உண்மை. 6,33,600-ல் 6,00,000 எடுக்க எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. ஆனால் வாய்ப்பேச்சா, கையெழுத்தா என்பதைப் பொறுத்தது. கையெழுத்து என்றால் நானும் உங்கள் பக்கம்.

டர்பன் மாணவி · 7:50
அக்கா, இதை வைத்தே என் மாற்று வழிகள் அத்தியாயத்தைத் திருத்துகிறேன். நன்றி.

பைன்டவுன் செல்வம் · வியாழன், இரவு 8:15
சுருக்கமாக எழுதுறேன், ரிப்போர்ட் பாதியில் நிற்குது. அடிப்பு 12 இல்லை, 14 விநாடி. சில்லர் தண்ணீர் 19 டிகிரி காட்டுது, 10-ல் இருக்கணும் என்று மெஷின் புத்தகம் சொல்லுது. பாட்டில் ஆற நேரம் எடுப்பதால் ஆபரேட்டர்கள் அவர்களாகவே இரண்டு விநாடி கூட்டி வைத்திருக்காங்க, கேட்டபோதுதான் சொன்னாங்க. அந்த இரண்டு விநாடி மாதம் 124 மணி. காணாமல் போன 127-ல் கிட்டத்தட்ட முழுவதும் அதுதான். மூன்றாவது மெஷினும் இதே சில்லரில்தான் மாட்டப் போகிறோம் என்று விலைக் குறிப்பில் இருந்தது. முதலாளியிடம் காட்டினேன், இரண்டு வாரம் தள்ளிக் கொடுத்தார். 6,00,000 பற்றி வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை.

லெனேசியா வாசு · 8:40
சில்லர் பெரிதாக்கினால் அதற்கும் மின்சாரம் கூடும் தம்பி. நகராட்சியிடம் கேட்டாச்சா?

மெரிபேங்க் மீனா · 8:55
முதலில் இருக்கிற சில்லரின் கண்டன்சரைக் கழுவிப் பாருங்க. தூசி அடைத்திருந்தாலே இப்படி ஏறும். கழுவிய பிறகு மறுபடி 50 அடிப்பு எண்ணி இங்கே போடுங்க.